இரவில் பூனை திடீரென்று ஓடுவது ஏன்: ஒரு வீட்டின் மூன்று வாரப் பதிவு

திருச்சியில் இரண்டாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டில் செம்பன் என்ற பூனை வளர்கிறது. அதற்கு இரண்டரை வயது. ஏழாவது மாதத்திலேயே கருத்தடை அறுவை செய்யப்பட்ட ஆண் பூனை. எடை 4.3 கிலோ. வெளியே போவதில்லை. சென்ற ஆண்டின் கடைசி மாதங்களில் ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் அது வாசற்கதவிலிருந்து கூடம் வழியாகச் சமையலறை வரைக்கும், அங்கிருந்து திரும்பிப் படுக்கையறைக் கதவு வரைக்கும், நகங்கள் தரையில் வழுக்கும் சத்தத்தோடு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவின் முதுகில் ஏறி அங்கிருந்து குதித்து மறுபடியும் ஓடும். ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வீட்டில் புதிதாக எதுவும் இருக்காது.

கூடத்தில் படுக்கும் என் மாமியார்தான் இதனால் அதிகம் தூக்கம் கெட்டவர். "நம்ம கண்ணுக்குத் தெரியாதது எதையோ அது பார்க்குதும்மா" என்று ஒரு நாள் காலையில் என்னிடம் சொன்னார். "பார்க்குதா, கேட்குதான்னு எழுதி வெச்சுப் பார்த்துடலாம் அத்தை" என்று நான் சொன்னேன். அன்று தொடங்கிய பதிவு இருபத்தொரு இரவுகள் நீடித்தது.

பதிவின் முறை எளிமையானது. கூடத்தின் மூலையில் இருட்டிலும் படம் எடுக்கும் ஒரு சிறிய கேமராவை வைத்தோம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நான்கு செய்திகளை மட்டும் நோட்டில் எழுதினேன்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முந்தைய பத்து நிமிடம் பூனை என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் ஓடியது, ஓடி முடித்ததும் என்ன செய்தது. முதல் பத்து இரவுகளில் வீட்டின் பழக்கத்தில் எதையும் மாற்றவில்லை. ஓட்டம் நிகழும் நொடியைப் பார்ப்பதை விட அதற்கு முந்தைய நேரத்தைப் பார்ப்பதுதான் விடையைத் தரும் என்பதை நான் இந்த நோட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் பத்து இரவுகளில் 23 ஓட்டங்கள் பதிவாயின. அவற்றில் 13 ஓட்டங்கள் விடியற்காலை 4 மணிக்கும் 5.15க்கும் இடைப்பட்டவை. ஆறு ஓட்டங்கள் இரவு 10.30க்கும் 11.30க்கும் இடையில், நாங்கள் விளக்கை அணைத்துப் படுத்த சிறிது நேரத்துக்குள் நடந்தவை. மூன்று ஓட்டங்கள் மணல் தட்டிலிருந்து வெளியே வந்த உடனே நடந்தவை. எஞ்சிய ஒன்று நள்ளிரவு 2.10க்கு நடந்தது. நினைத்த நேரத்தில் நினைத்தபடி ஓடுகிறது என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு செயல் இப்படி நான்கு தனித்தனிக் குவியல்களாகப் பிரிந்து நின்றது.

விடியற்காலை ஓட்டம்

பூனை இரவு முழுவதும் விழித்திருக்கும் விலங்கு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அதன் சுறுசுறுப்பு உச்சத்தை எட்டுவது அந்தி மயங்கும் நேரத்திலும் விடியலை ஒட்டிய நேரத்திலும்தான். எலி, பறவை முதலிய சிறு இரைகள் நடமாடத் தொடங்கும் மங்கிய வெளிச்சத்தில் வேட்டையாடுவதற்கு ஏற்ப அதன் கண்ணும் காதும் உடலும் அமைந்திருக்கின்றன. நடு இரவில் அதுவும் பல துண்டுகளாகத் தூங்குகிறது. எங்கள் கேமராவில் இரவு 11.30க்கும் 3.30க்கும் இடையில் செம்பன் பெரும்பாலும் சுருண்டு படுத்தேதான் கிடந்தது.

ஆனால் எல்லா வீட்டுப் பூனைகளும் விடியற்காலையில் வீட்டை அதிரவைப்பதில்லை. பூனையின் நாள் எப்படிக் கழிகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. காட்டுத்தனமாகத் தானே இரைதேடி வாழும் பூனையை எடுத்துக்கொள்வோம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ கலோரி உணவு தேவைப்படும். ஒரு சுண்டெலியில் கிடைப்பது சுமார் 30 கிலோ கலோரிதான். ஆகவே ஒரு நாளைக்கு ஏழெட்டு எலிகளையாவது பிடித்தாக வேண்டும். பாய்ந்த ஒவ்வொரு முறையும் இரை சிக்குவதில்லை என்பதால், அதைவிடப் பல மடங்கு முறை அது பதுங்கிச் சென்று பாய வேண்டியிருக்கும். நாய் இனத்து விலங்குகளைப் போல நெடுந்தூரம் துரத்திக் களைப்படையச் செய்யும் உத்தி பூனைக்குக் கிடையாது. அசையாமல் காத்திருந்து, சில நொடிகளில் முழு விசையையும் செலவழித்துவிடும் தசைகள் அதற்கு வாய்த்திருக்கின்றன. அந்த விசை விரைவில் தீர்ந்துவிடும் என்பதால்தான் வீட்டு ஓட்டங்களும் நீண்டுகொண்டே போகாமல் சட்டென்று நின்றுவிடுகின்றன. செம்பனின் ஓட்டங்களில் மிக நீண்டது 80 நொடிகள்.

எங்கள் வீட்டில் அதே அளவு உணவு காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரு கிண்ணத்தில் கிடைத்துவிடுகிறது. பாய்ச்சல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. வயிறு நிறைந்தால் வேட்டை ஆசை அடங்கிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பசியும் வேட்டை உந்துதலும் பூனையின் மூளையில் ஒன்றாகப் பிணைந்தவை அல்ல. 1976இல் வெளியான ராபர்ட் அடமெக் என்ற ஆய்வாளரின் சோதனையில், உணவை உண்டுகொண்டிருந்த பூனைகள் எலி தென்பட்டதும் உணவை விட்டுவிட்டுப் போய் அதைக் கொன்றன. பிறகு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து உண்ணத் தொடங்கின. அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத விலங்குக்கு அது பொருத்தமான ஏற்பாடு. கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கும் வீட்டில் அந்த உந்துதல் செலவாக வழி இல்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது.

இதோடு எங்கள் வீட்டின் நேர அமைப்பும் சேர்ந்துகொண்டது. நானும் கணவரும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிறோம். மதியம் முழுவதும் செம்பன் மாமியாருக்கு அருகில் தூங்குகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு அதன் உடலுக்குரிய நேரம் வரும்போது, அது தூக்கம் நிறைந்தும் ஆற்றல் செலவாகாமலும் இருக்கிறது. இத்தாலியில் மெசினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு பதிவும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மனிதர்களோடு நெருங்கி வீட்டுக்குள் வாழ்ந்த பூனைகளின் நடமாட்டம் அந்த மனிதர்களின் நாளோடு ஒத்துப்போனது. இரவில் வெளியே விடப்பட்ட பூனைகளின் நடமாட்டம் இரவுப் பக்கமாகச் சாய்ந்தது. பூனையின் கடிகாரம் மாற்றவே முடியாதது அல்ல, வீட்டின் ஒழுங்கு அதை ஓரளவுக்கு நகர்த்தும் என்பதே இதில் எனக்குப் பயன்பட்ட செய்தி.

பதிவைப் படித்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. விடியற்காலை நிகழ்ந்த 13 ஓட்டங்களில் ஒன்பதில், ஓட்டம் முடிந்ததும் செம்பன் மாமியாரின் கட்டிலருகே போய் நின்று கத்தியிருக்கிறது. அவர் எழுந்து, அது அடங்கட்டும் என்று ஒரு பிடி பாக்கெட் தீனியைக் கிண்ணத்தில் போட்டிருக்கிறார். அன்பினால் செய்தது அது. ஆனால் ஓடினால், கத்தினால், தீனி வரும் என்ற பாடத்தை அந்தப் பிடித் தீனி ஒவ்வொரு நாளும் அதற்குக் கற்பித்திருக்கிறது. உடலின் காரணத்தால் தொடங்கிய ஓட்டம் காலப்போக்கில் கூலி பெறும் ஓட்டமாகவும் ஆகிவிட்டது.

நள்ளிரவு 2.10

தனித்து நின்ற அந்த ஒற்றை ஓட்டத்தைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணமே இல்லாமல் ஓடுகிறது என்ற எண்ணத்தை முதலில் உடைத்தது அதுதான். ஏழாம் இரவின் படத்தில் செம்பன் சோபாவின் கைப்பிடியில் முன்கால்களை மடித்துப் படுத்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. 2.08க்கு அதன் இடது காது மட்டும் தனியாகப் பின்பக்கம் திரும்பியது. சில நொடிகள் கழித்து வலது காதும் அதே திசைக்கு வந்தது. பிறகுதான் கண் திறந்து தலை உயர்ந்தது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் சமையலறைப் பரணைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. பின்னங்கால்களை இரண்டு முறை மாற்றி ஊன்றியது. அதன் பிறகு ஒரே பாய்ச்சலாக ஓடி, மேடைமேல் ஏறி, பரணுக்குக் கீழே உள்ள அலமாரியில் முன்கால்களை வைத்து நின்றது. கேமராவின் ஒலிப்பதிவில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மறுநாள் பரணில் இருந்த பழைய பித்தளைப் பாத்திரங்களை இறக்கியபோது, அடுக்குப் பானைகளுக்கு இடையில் எலிப்புழுக்கை கிடந்தது.

மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் எட்டும். பூனைக்குச் சுமார் 85 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும். எலிகள் தம்முள் எழுப்பும் குரலின் பெரும்பகுதி நம் எல்லைக்கு மேலே இருப்பதால், நமக்கு அமைதியாகத் தோன்றும் வீடு பூனைக்கு அமைதியானதாக இருக்க வேண்டியதில்லை. சுவிட்சு போட்ட சில மின்கருவிகள் எழுப்பும் மெல்லிய கீச்சொலியும் இப்படித்தான். ஆகவே ஓட்டத்துக்கு முன்பு காது திரும்பி, தலை ஒரே புள்ளியில் நிலைத்திருந்தால், அந்தப் புள்ளியைப் போய்ப் பார்ப்பது வீண் வேலை ஆகாது. பல்லியோ எலியோ கரப்பான் பூச்சியோ அங்கே இருக்கக்கூடும். விடியற்காலை ஓட்டங்களில் இந்தக் காது அசைவு ஒரு முறைகூடப் பதிவாகவில்லை. அவற்றில் உடலை நீட்டி முறித்து, வாலின் அடிப்பகுதியைத் தூக்கி நுனியைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் துள்ளித்தான் அது ஓடத் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் காரணமும் உள்ளிருந்து வரும் காரணமும் இப்படித் தொடக்கத்திலேயே வேறுபட்டுத் தெரிகின்றன.

மணல் தட்டுக்குப் பிறகு

மணல் தட்டிலிருந்து தெறித்து ஓடுவதைப் பற்றி உறுதியான விளக்கம் இதுவரை நிறுவப்படவில்லை. மலம் கழிக்கும்போது மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு ஒருவிதமான இதம் உண்டாகிறது என்கிறார்கள் சிலர். தன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் வாடையிலிருந்து விரைந்து விலகும் பழைய பழக்கம் என்கிறார்கள் வேறு சிலர். என் மனம் இரண்டாவதின் பக்கம் சாய்ந்தாலும், அதற்கு நான் காட்டக்கூடிய சான்று இல்லை. எங்கள் மூன்று பதிவுகளில் ஒன்றில் மலம் உலர்ந்து கெட்டியாக இருந்தது. அதனால் மூடியிருந்த தட்டின் மேற்பகுதியைக் கழற்றித் திறந்த தட்டாக்கி, உணவில் நீர் கலந்து கொடுக்கத் தொடங்கினோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆண் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி, சிறுநீர் வராமல் வெளியே ஓடுமானால் அது விளையாட்டு ஓட்டம் அல்ல. சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாட்களில் உயிரைப் பறித்துவிடும் நிலை அது. விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.

நோயைப் பிரித்தறிதல்

பத்தாம் நாள் செம்பனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் எடை பார்த்தார், காதுகளுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தார், பற்களைப் பார்த்தார், தோளிலிருந்து வால் தொடக்கம் வரை முதுகை மெல்ல அழுத்தி வருடினார், மயிரைப் பிரித்துத் தெள்ளுப்பூச்சி உண்டா என்று தேடினார். முதுகை அவர் வருடியதற்குக் காரணம் இருந்தது. சில பூனைகளுக்கு முதுகுத் தோல் அலையலையாகத் துடிக்கும். தொட்டால் சீறும், தன் வாலையே பகைபோல் கடிக்கும், விழி விரிந்து எதிலிருந்தோ தப்புவதுபோல் ஓடும். தோலின் மிகையுணர்வு என்று இதைச் சொல்கிறார்கள். தோல் நோய், முதுகெலும்பு வலி, வலிப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே இந்த முடிவுக்கு வருவார்கள்.

வீட்டிலேயே பார்த்துச் சொல்லக்கூடிய வேறுபாடு ஒன்று உண்டு. விளையாட்டு ஓட்டத்தின் நடுவே பெயர் சொல்லி அழைத்தால் பூனையின் காது திரும்பும். அது தடைகளைத் தாண்டிச் சரியாகக் கால் வைக்கும். முடிந்ததும் உட்கார்ந்து முன்காலை நக்கும் அல்லது தண்ணீர் குடிக்கும். வலிப்பு சார்ந்த ஓட்டத்தில் அழைப்பு எட்டாது, சுவரில் மோதும், வாயில் எச்சில் வழியும், சிறுநீர் தானாகப் போய்விடலாம், முடிந்த பின் சில நிமிடம் திக்குத் தெரியாமல் நிற்கும். அப்படி ஒரு காட்சி கண்ணில் பட்டால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது மருத்துவருக்குப் பெரும் உதவி. நாய்களுக்கான தெள்ளு மருந்தைப் பூனையின் தோலில் தடவியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும்.

எங்களுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் வளர்த்த பதின்மூன்று வயதுப் பெண் பூனையின் கதை இதற்கு நேரெதிரானது. பல ஆண்டுகள் சாதுவாக இருந்தது, திடீரென்று இரவில் ஓடவும் உரக்கக் கத்தவும் தொடங்கியது. வயதான காலத்தில் இளமை திரும்பிவிட்டது என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அது முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகுந்திருப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் இரவு ஓட்டமும் கத்தலும் தணிந்தன. குட்டியிலிருந்தே ஓடும் பூனை தொடர்ந்து ஓடுவது வேறு, பத்து வயதைக் கடந்த பூனை புதிதாக ஓடத் தொடங்குவது வேறு. இரண்டாவதற்குப் பரிசோதனை கட்டாயம்.

செம்பனிடம் இவற்றில் எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு முந்தைய எடையே இப்போதும் இருந்தது.

செய்த மாற்றங்கள்

பதினோராம் நாளிலிருந்து மூன்று மாற்றங்களைச் செய்தோம். முதலாவது, இரவு 9.45க்குத் தூண்டில் பொம்மையோடு பன்னிரண்டு நிமிட வேட்டை விளையாட்டு. பொம்மையைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவதால் பயன் இல்லை. எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வருவதில்லை. நூலின் நுனியில் உள்ள இறகைத் தரையோடு ஒட்டி, பூனையிடமிருந்து விலகிப் போகும்படி இழுத்து, சோபாக் காலுக்குப் பின்னால் பாதி மறைத்து அப்படியே நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் பூனை பின்பகுதியை ஆட்டிக் குறிபார்த்துப் பாயும். நான்கைந்து பாய்ச்சலுக்கு ஒரு முறை பிடிபட விட வேண்டும். சுவரில் ஓடும் லேசர் ஒளியைப் பயன்படுத்தவில்லை, அதில் பற்களுக்கும் நகங்களுக்கும் எதுவும் சிக்குவதில்லை.

இரண்டாவது மாற்றம், நாளின் உணவில் பெரும்பங்கை விளையாட்டு முடிந்த உடனே, அதாவது இரவு பத்து மணிக்குக் கொடுப்பது. பதுங்கி, பாய்ந்து, தின்று, உடலை நக்கி, தூங்கும் வரிசை பூனையின் உடலில் ஊறியது. அந்த வரிசை நாங்கள் படுக்கும் நேரத்தில் முடிய வேண்டும் என்பதே நோக்கம். மொத்த அளவைக் கூட்டவில்லை, காலை மாலை பங்குகளைக் குறைத்தோம். காலைப் பங்கில் சிறிதளவை மதியத்தில் அட்டைக் குழாய்களுக்குள் மறைத்து வைக்கும் பொறுப்பை மாமியார் ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவதுதான் கடினமானது. விடியற்காலையில் என்ன நடந்தாலும் தீனி கிடையாது, அதட்டலும் கிடையாது, யாரும் எழுவதும் கிடையாது.

முதல் நான்கு இரவுகள் நிலைமை முன்பைவிட மோசமானது. பன்னிரண்டாம் இரவில் செம்பன் 4 மணியிலிருந்து மூன்று முறை ஓடி, கட்டில் விளிம்பைப் பிறாண்டி, இருபது நிமிடம் கத்தியது. வழக்கமாக வந்த கூலி நின்றுபோனால் எந்த விலங்கும் முதலில் முயற்சியைக் கூட்டித்தான் பார்க்கும். அந்த இருபதாவது நிமிடத்தில் மனமிரங்கி ஒரு பிடி போட்டிருந்தால், இருபது நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்ற புதிய பாடமாக அது முடிந்திருக்கும். இந்த முயற்சியைப் பலர் பாதியில் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மாமியார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அந்த நான்கு இரவுகளையும் கடந்தார்.

பதினைந்தாம் இரவிலிருந்து இருபத்தொன்றாம் இரவு வரையிலான ஏழு இரவுகளில் மொத்தம் ஐந்து ஓட்டங்களே பதிவாயின. மூன்று விடியற்காலையிலும் இரண்டு மணல் தட்டுக்குப் பிறகும் நிகழ்ந்தவை. படுத்த பின் நிகழும் ஓட்டம் முழுவதுமாக நின்றுவிட்டது. சரியாகச் சொன்னால், அது விளையாட்டு நேரத்துக்குள் நகர்ந்துவிட்டது.

மூன்று மாற்றங்களையும் ஒரே நாளில் தொடங்கியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாமல் போனது இந்த ஆய்வின் குறை. அதை ஓரளவு சரிசெய்ய, அடுத்த மாதத்தில் நான்கு இரவுகள் விளையாட்டை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். பத்து மணி உணவும் விடியற்காலை மறுப்பும் அப்படியே தொடர்ந்தன. இரண்டாம் இரவே 10.50க்குப் பழைய ஓட்டம் திரும்பி வந்தது, மூன்றாம் நான்காம் இரவுகளிலும் தொடர்ந்தது. விடியற்காலை ஓட்டம் மட்டும் கூடவில்லை. ஆகவே எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, படுக்கை நேர ஓட்டத்தை அடக்கியது விளையாட்டு. விடியற்காலை ஓட்டத்தைக் குறைத்ததில் நேரம் தள்ளிய உணவுக்கும் நின்றுபோன பிடித் தீனிக்கும் பெரும் பங்கு இருக்க வேண்டும். ஐந்தாம் இரவு தூண்டிலை மறுபடியும் எடுத்தேன். மணல் தட்டுக்குப் பிந்தைய ஓட்டத்தில், தட்டைத் திறந்ததற்கும் உணவில் நீர் கலந்ததற்கும் மேல், நாங்கள் தலையிடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை செம்பன் இன்னும் அப்படி ஓடுகிறது, பதினைந்து நொடிகளில் நின்று, கூடத்து மிதியடியில் அமர்ந்து முன்காலை நக்குகிறது.